குரூப் ஓட்டெடுப்பில் இரண்டும் சமமாக நின்றால்: ஸ்கிரீன்ஷாட்டை எண்ணிச் சண்டையில்லாமல் முடிக்கும் வழி

பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அரூர் என்று தர்மபுரி மாவட்டம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பேருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, ஒருவன் துபாயில். குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது, எங்கே என்று கேட்டு ஒருவர் ஓட்டெடுப்பு போட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் அதன் ஸ்கிரீன்ஷாட் குரூப்பில் வந்து விழுந்தது. ஒகேனக்கல் 9, ஏற்காடு 9, கே.ஆர்.பி. அணை 6, தீர்த்தமலை 3. அதற்குக் கீழே ஒரு மணி நேரத்தில் அறுபது மெசேஜ். முதலில் 9 தொட்டது ஒகேனக்கல்தான் என்று ஒருவர், அட்மின் சொல்லட்டும் என்று இன்னொருவர், இப்படிப் போனால் போகவே வேண்டாம் என்று மூன்றாமவர்.

எண்ணி முடிக்கிற வேலை என்னிடம் வந்தது. அதை எப்படிச் செய்தேன், எங்கே தடுக்கியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் கையில் கொடுத்து "நீயே எண்ணிச் சொல்லு" என்று யாராவது சொன்னால் அப்படியே பின்பற்றலாம்.

முதலில் அந்தப் படத்தை நம்பாதீர்கள்

ஸ்கிரீன்ஷாட் என்பது அதை எடுத்த அந்த நிமிஷத்துக் கணக்கு மட்டும்தான். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் போட்ட ஓட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி தொட்டு எடுத்துவிடலாம், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் காலை ஏழு மணிப் படத்தை வைத்துக்கொண்டு மாலையில் முடிவு சொன்னால், "நான் மத்தியானமே மாத்திட்டேனே" என்று ஒருவர் வந்து நிற்பார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

படத்தில் மூன்று விஷயம் பாருங்கள். மேலே மூலையில் மணி தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எல்லா ஆப்ஷனும் படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், ஐந்து ஆறு ஆப்ஷன் உள்ள ஓட்டெடுப்பில் கடைசி ஒன்று திரைக்குக் கீழே போய்விடுவது சகஜம். மூன்றாவதுதான் முக்கியம்: கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் `Select one` என்று இருக்கிறதா, `Select one or more` என்று இருக்கிறதா. எங்கள் படத்தில் இரண்டாவது இருந்தது. ஒருவரே எத்தனை இடத்தை வேண்டுமானாலும் தொட்டிருக்கலாம் என்று அர்த்தம். அப்போது 9 + 9 + 6 + 3 = 27 என்று கூட்டி "27 பேர் ஓட்டுப் போட்டாங்க" என்று சொன்னால் தப்பு. 27 என்பது டிக் எண்ணிக்கை, தலை எண்ணிக்கை அல்ல.

இன்னொன்றும் எங்கள் ஓட்டெடுப்பில் விட்டுப் போயிருந்தது. எப்போது முடியும் என்று யாரும் சொல்லவே இல்லை. அதனால் நான் முதலில் போட்ட மெசேஜ் இதுதான்: "இன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு ஓட்டு நிற்கும். மாத்தணும்னா அதுக்குள்ள மாத்திக்குங்க. 10 மணிக்கு நானே எண்ணிப் போடறேன்." பத்து மணிக்கு நானே புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். எண்கள் மாறவில்லை, அதே 9, 9, 6, 3.

பெயர் பார்த்து எழுதுங்கள்

ஓட்டெடுப்பின் அடியில் `View votes` என்று இருப்பதைத் தொட்டால் எந்த இடத்துக்கு யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு வரும். குரூப்பில் உள்ள எல்லாருக்குமே இது தெரியும், ரகசியம் ஒன்றும் இல்லை. ஓர் ஆப்ஷனுக்கு நிறையப் பேர் போட்டிருந்தால் முதல் சிலர் பெயர் மட்டும் காட்டி மீதியை மறைத்து வைத்திருக்கும், அதையும் திறந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண் மட்டும் உள்ள படத்தைவிட இதுதான் பின்னால் பேச உதவும்.

அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். இடது பக்கம் பெயர், அதற்கு நேராக நான்கு கட்டம்: ஒ, ஏ, அ, தீ. ஒகேனக்கல் பட்டியலில் முதல் பெயரை எழுதி 'ஒ' கட்டத்தில் ஒரு கோடு. அவர் பெயரே ஏற்காடு பட்டியலிலும் வந்தால் புது வரி எழுதாமல் அதே வரியில் 'ஏ' கட்டத்தில் கோடு. இப்படி நான்கு பட்டியலும் முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழே கூட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எண்ணே வர வேண்டும். வரவில்லை என்றால் மறைந்திருந்த பெயர் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது நீங்கள் சேமித்து வைக்காத நம்பர் ஒன்றைத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு முதல் தடவை ஏற்காடு 8தான் வந்தது. நம்பராக மட்டும் தெரிந்த ஒரு வரியைக் கண் தாண்டிவிட்டது.

எழுதி முடித்ததும் எங்கள் நோட்டில் 21 வரி இருந்தது. 27 டிக், 21 வரி, அதாவது ஆறு பேர் இரண்டிரண்டு இடம் தொட்டிருக்கிறார்கள். குரூப்பில் மொத்தம் 31 பேர், ஆக 10 பேர் எதையுமே தொடவில்லை. "எனக்கு எதுவானாலும் சரிப்பா" என்று மெசேஜ் மட்டும் போட்டவர்கள் இந்தப் பத்துப் பேரில்தான் இருக்கிறார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு வரிதானா?

இங்கேதான் நான் தடுக்கினேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வரிகளை மேலிருந்து படித்தபோது இரண்டு இடம் உறுத்தியது. மளிகைக் கடை வைத்திருக்கிற நண்பனின் சொந்த நம்பரும் கடை நம்பரும் இரண்டுமே குரூப்பில் இருக்கின்றன, இரண்டிலிருந்தும் ஒகேனக்கலுக்கு ஓட்டு விழுந்திருந்தது. அவன் வேண்டுமென்று செய்ததில்லை, கடையில் இருந்த போனில் பையன் தொட்டுவிட்டானாம். இன்னொன்று, துபாய் நண்பன் ஏற்காட்டுக்குப் போட்டிருந்தான். அவன் அடுத்த வருஷம்தான் ஊருக்கு வருகிறான்.

முதல் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. இரண்டாவது அப்படி இல்லை. வராதவர் ஓட்டுப் போடலாமா என்று குரூப்பில் முன்னால் பேசவே இல்லை, பேசாத விதியை எண்ணுகிறவர் நடுவில் கொண்டுவரக் கூடாது. அதனால் நானாக அடிக்காமல் அவனிடம் தனியாகக் கேட்டேன். "டேய், நான் எங்கடா வரப்போறேன், சும்மா ஆசைக்குப் போட்டேன், எடுத்துடறேன்" என்றான். அவன் "இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் அந்த ஓட்டு இருந்திருக்கும். இதில் என் கருத்து உறுதியானது: எண்ணுகிறவர் சந்தேகமுள்ள ஓட்டைச் சுட்டிக் காட்டலாம், எடுப்பது அந்த ஓட்டின் சொந்தக்காரர் வேலை. அவரே போனில் தொட்டு எடுத்துவிட்டால் திரையில் உள்ள எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றாகிவிடும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்த தப்பு என்னவென்றால், மளிகைக்கடை நண்பனிடம் முதலில் சொல்லிவிட்டேன், அவன் உடனே கடை நம்பர் ஓட்டை எடுத்துவிட்டான். துபாய்க்காரன் பதில் சொல்ல இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷம் திரையில் ஒகேனக்கல் 8, ஏற்காடு 9. யாரோ அதைப் படம் பிடித்து "ஏற்காடு ஜெயிச்சாச்சு, வேனுக்குச் சொல்லுங்க" என்று போட்டுவிட்டார்கள். அப்புறம் அது 8க்கு 8 ஆனபோது, ஏற்காட்டு ஆட்கள் தங்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டது போல வருத்தப்பட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே சந்தேகமுள்ள ஓட்டு எத்தனை இருந்தாலும் எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டு, எல்லாத் திருத்தத்தையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். பாதி திருத்திய கணக்கைவிடத் திருத்தாத கணக்கே மேல்.

திருத்தம் முடிந்ததும் நின்ற கணக்கு: 19 பேர், 25 டிக். ஒகேனக்கல் 8, ஏற்காடு 8, அணை 6, தீர்த்தமலை 3.

சமம் என்றால் எந்த மாதிரிச் சமம்?

8க்கு 8 என்று சொல்லிவிட்டு உடனே நாணயத்தைச் சுண்டிவிடலாம்தான். ஆனால் நோட்டை இன்னொரு தடவை பார்த்தால், அந்த 8க்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். நான்கு குவியலாகப் பிரியுங்கள்:

ஒகேனக்கல் தொட்டு ஏற்காட்டைத் தொடாதவர்: 6 பேர்
ஏற்காடு தொட்டு ஒகேனக்கலைத் தொடாதவர்: 6 பேர்
இரண்டையும் தொட்டவர்: 2 பேர்
இரண்டையும் தொடாதவர், அதாவது அணை, தீர்த்தமலை மட்டும்: 5 பேர்

கூட்டினால் 19, சரியாக வருகிறது. வராவிட்டால் எங்கோ ஒருவர் இரண்டு குவியலில் இருக்கிறார்.

இப்போது விஷயம் தெளிவாகிறது. இரண்டையும் தொட்ட இருவர் இந்தப் பக்கமும் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று கொடுத்திருப்பதால் அவர்களால் எந்தப் பக்கமும் சாயவில்லை. அணைக்கும் தீர்த்தமலைக்கும் போட்ட ஐந்து பேரிடம், "உங்க இடம் இல்லைன்னு ஆயிட்டா, இந்த ரெண்டுல எது?" என்று யாருமே கேட்கவில்லை. ஆக 19 பேரில் 7 பேரின் மனசு இந்த இரண்டு இடத்தைப் பொறுத்தவரை இன்னும் வெளியே வரவே இல்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கும்போது அதிர்ஷ்டத்திடம் போவது நியாயம் இல்லை என்று எனக்குப் பட்டது. ஒருவேளை எல்லாரும் ஒரே ஒரு இடம் மட்டும் தொட்டு, ஆப்ஷனும் இரண்டே இரண்டு இருந்து, எல்லாரும் போட்ட பிறகு சமமாக நின்றிருந்தால் கேட்க வேறு கேள்வி கிடையாது, அப்போது நேராகக் குலுக்கலுக்குப் போகலாம்.

குரூப்பில் சொல்லப்பட்ட வழிகளும் அவற்றை ஏன் எடுக்கவில்லை என்பதும்

முதலில் 9 தொட்டது எதுவோ அதுவே ஜெயிக்கட்டும் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓசூரில் இரவு ஷிப்ட் பார்ப்பவன் காலையில் தூங்கி எழுந்து மத்தியானம்தான் போனைப் பார்ப்பான். அவன் ஓட்டு தாமதமாக வந்ததற்கு அவன் வேலை நேரம் காரணம், விருப்பம் குறைவு என்று அர்த்தமில்லை. நேரத்தை வைத்து முடிவு செய்தால் போன் கையிலேயே இருக்கிறவர்களுக்கு ஓட்டின் கனம் கூடிவிடும்.

அட்மின் முடிவு செய்யட்டும் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அட்மின் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருக்கிறார், இப்போது அவர் சொன்னால் அவருக்கு இரண்டு ஓட்டு. ஓட்டே போடாமல் ஒதுங்கி நின்ற அட்மினாக இருந்து, சமமானால் அவர் சொல்வதே முடிவு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். சமமான பிறகு சொன்னால், அவர் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், அப்புறம் அது விதி அல்ல.

இன்னொருவர் அந்த ஏழு பேரிடம் மட்டும் கேட்டால் போதுமே என்றார். கணக்குப்படி அது சரி, ஏழு ஒற்றைப்படை எண் வேறு, எல்லாரும் பதில் சொன்னால் சமமாகவே வராது. ஆனால் ஏழு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வர ஆரம்பிக்கும். மற்றவர்களும் முதல் தடவை யோசிக்காமல் தொட்டிருக்கலாம், அவர்களுக்கும் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. அதனால் எல்லாரிடமும் கேட்பதே நல்லது என்று முடிவு செய்தேன்: சமமாக நின்ற இரண்டை மட்டும் வைத்து இரண்டாவது ஓட்டெடுப்பு, ஒருவருக்கு ஒரே ஓட்டு.

இரண்டாவது ஓட்டெடுப்பைப் போடுவது

ஓட்டெடுப்பு உருவாக்கும்போது கீழே `Allow multiple answers` என்று ஒரு சுவிட்ச் இருக்கும், நீங்கள் தொடாவிட்டால் அது ஆனில்தான் இருக்கும். முதல் ஓட்டெடுப்பில் குழப்பம் வந்ததே அதனால்தான். அதை அணைத்துவிட்டு அனுப்புங்கள். போட்டதும் `Select one` என்று காட்டுகிறதா பாருங்கள், இல்லாவிட்டால் யாரும் தொடுவதற்குள் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

எந்த இடத்தை முதலில் எழுதுவது என்பதற்குக்கூட ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள். சமமாக இருக்கும்போது மேலே இருப்பதைச் சும்மா தொட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அகரவரிசைப்படி ஏற்காட்டை முதலிலும் ஒகேனக்கலை அடுத்தும் போட்டேன், அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் விதிகளை ஒரே மெசேஜில் போட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எந்த விதியைச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத் தெரியும், தெரியாதபோது சொன்னால் இரண்டு பக்கமும் தலையாட்டும். நான் போட்டது இது, உங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். திருத்திய கணக்கு: ஒகேனக்கல் 8, ஏற்காடு 8, அணை 6, தீர்த்தமலை 3. பெயர் எழுதின நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கேன், தப்பு இருந்தா இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க. ரெண்டும் சமம்கிறதால நாளைக்குக் காலைல 6 மணிக்கு இந்த ரெண்டுக்கு மட்டும் புது ஓட்டு போடறேன். ஒருத்தருக்கு ஒரு ஓட்டு, ரெண்டு நம்பர் வச்சிருக்கறவங்க ஒண்ணுல மட்டும் போடுங்க. வர்றவங்க மட்டும் போடுங்க. போன தடவை போடாதவங்களும் போடலாம். மறுநாள் காலை 6 மணிக்கு முடியும், ஷிப்ட்ல இருக்கறவங்களுக்கும் நேரம் இருக்கு. ஒரே ஒரு ஓட்டு கூட இருந்தாலும் அதுதான் முடிவு. மறுபடியும் சமமானா சீட்டு குலுக்கிப் போட்டு எடுப்போம். தோத்த இடத்துக்கு அடுத்த வருஷம் ஓட்டெடுப்பு இல்லாமலே போவோம். ஒகேனக்கல் ஜெயிச்சு, அந்த வாரம் தண்ணி அதிகமாகிப் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டிருந்தா, தானாவே ஏற்காடு. இதுல யாருக்காவது ஒப்புதல் இல்லைன்னா இப்பவே சொல்லுங்க."

கடைசி விதியைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரியில் வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போடும், கர்நாடகாவில் மழை பெய்தால் நம்மூரில் வெயில் அடிக்கும்போதே அது நடக்கும். ஓட்டுக்கு முன்னால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, தடை வந்த பிறகு "அப்போ ஏற்காடு" என்றால், ஜெயித்தவர்கள் "இன்னொரு ஞாயிறு போகலாம்" என்பார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் ஓட்டெடுப்பில் இடம் இல்லாமல் தேதியோ சாப்பாடோ இருந்தாலும், ஜெயித்தது நடக்க முடியாமல் போக என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்து, அதற்கான பதிலை முன்பே எழுதிவிடுங்கள்.

"வர்றவங்க மட்டும்" என்ற விதியையும் கவனியுங்கள். முதல் ஓட்டெடுப்பில் இல்லாத விதியைத்தான் இதில் சேர்த்தேன், ஆனால் ஓட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் சேர்த்தேன். அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

மறுபடி சமமானால் சீட்டு

குலுக்கல் என்றால் விளையாட்டுத்தனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நாட்டின் தேர்தல் சட்டத்திலேயே இது உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆவது பிரிவு, இரண்டு வேட்பாளர்கள் சமமாக நின்று, இன்னும் ஒரு ஓட்டு கிடைத்தால் ஒருவர் ஜெயிக்கலாம் என்ற நிலை வந்தால், தேர்தல் அதிகாரி சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டு விழுந்தவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு கிடைத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆட்சி நடத்தப் போகிறவரையே அப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஒரு நாள் சுற்றுலாவுக்கு அது தாராளமாகப் போதும். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லியிருக்கிற குடவோலையிலும் ஓலையை எடுப்பது உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சின்னப் பையன்தான்.

செய்கிற முறையில் கவனம் வேண்டும். ஒரே நோட்டுத் தாளைச் சரிபாதியாகக் கிழித்து, ஒரே பேனாவால் இரண்டு பெயரையும் எழுதி, எழுதினதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, ஒரே மாதிரி நாலாக மடிக்க வேண்டும். ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி, எந்தப் பக்கமும் சேராத ஒருவர், எங்கள் விஷயத்தில் தீர்த்தமலைக்குப் போட்டவர், அல்லது வீட்டுக் குழந்தை, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துக் காட்டியதும் டம்ளரில் மிச்சமிருக்கிற சீட்டையும் பிரித்துக் காட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரே பெயர் எழுதியிருந்தது என்ற பேச்சு வராமல் தடுப்பது அந்த இரண்டாவது சீட்டுத்தான். ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து குரூப்பில் போடுங்கள், வீடியோ காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருந்தால் இன்னும் நல்லது.

நாணயம் சுண்டுவதாக இருந்தால் பூ எது, தலை எது என்று சுண்டுவதற்கு முன்னால் எழுதிப் போட்டுவிடுங்கள். ஒரே தடவைதான், "மூணுக்கு ரெண்டு" என்று நடுவில் நீட்டக் கூடாது.

எங்களுக்கு என்ன ஆனது

இரண்டாவது ஓட்டில் 23 பேர் போட்டார்கள். பழைய 19 பேரும், முதலில் ஒதுங்கி இருந்தவர்களில் 4 பேரும். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒகேனக்கல் 12, ஏற்காடு 11. மறுபடி பெயர் வாரியாக எழுதிப் பார்த்தேன். உறுதியாக நின்ற ஆறும் ஆறும் அப்படியே இருந்தன, அந்த ஏழு பேர் நாலுக்கு மூன்றாகப் பிரிந்திருந்தார்கள், புதிதாக வந்த நால்வர் இரண்டிரண்டு. ஆக முடிவு செய்தது முதல் தடவை யாரும் கேட்காமல் விட்ட அந்த ஏழு பேர்தான்.

ஒரு ஓட்டு வித்தியாசம்தானே என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. அதற்குப் பதில் முந்தின மெசேஜிலேயே இருந்ததால் நான் அதையே காட்டிப் பதில் போட்டேன், வேறொன்றும் எழுதவில்லை. ஏற்காட்டுக்காக அதிகம் பேசிய நண்பரே "சரி, வேனுக்கு ஆள் கணக்கு எடுங்க" என்றார்.

அடுத்த வருஷம் ஏற்காடு என்பதை மட்டும் முதலில் மெசேஜாகப் பின் செய்து வைத்தேன். வாட்ஸ்அப்பில் பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், அது போய்விட்டால் ஒரு வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் குரூப் பெயருக்குக் கீழே வரும் விவரம் எழுதுகிற இடத்தில் போட்டுவிட்டேன்: "அடுத்த சுற்றுலா ஏற்காடு, ஓட்டெடுப்பு வேண்டாம்."